காற்று நிற்காத தாத்தா

எங்கள் நைனாவுக்குத் திண்டிவனம் ரோட்டில் பஞ்சர் கடை. லூர்துநாதன் ஒட்டிய இடத்தில் மறுபடி காற்று இறங்காது என்று செஞ்சியில் ஒரு பேச்சு உண்டு. கடைக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. அந்தப் பேச்சுதான் பலகை. அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில், எப்போதும் காற்று கசிந்துகொண்டே இருக்கிற ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வந்து நின்றதால்தான் அந்த டிசம்பர் எங்களுக்கு அவ்வளவு நீளமாகப் போனது.

தாத்தாவை அனுப்பியது ஒரகடத்தில் வேலை செய்யும் என் அண்ணன் ராபர்ட். பெட்டிக்குள் இரண்டு பொம்மைகள் இருந்தன. ஒன்று, நின்றால் எங்கள் கதவைவிட உயரமான தாத்தா. இன்னொன்று என் இடுப்புக்கு வரும் பனிமனிதன். இரண்டும் மெல்லிய நைலான் துணி. முதுகில் கீழே ஒரு சின்ன ஃபேன் தைக்கப்பட்டிருந்தது. ஃபேனிலிருந்து மெல்லிய ஒயர், அதன் முனையில் லேப்டாப்புக்கு வருவதுபோல ஓர் அடாப்டர். கூடவே கயிறும், தரையில் அடிக்க முளைகளும், ஒரு விளக்கத் தாளும்.

அந்தத் தாளைப் படிக்கும் வேலை என் மேல் விழுந்தது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்கால வகுப்பில், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி படிக்கிறேன். எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எழுதிய பிறகும் சரிதானா என்று சந்தேகம் போகாது. தாளை ஒரு முறை படித்துவிட்டு, வகுப்பு முடிந்து வந்து இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் பொம்மையைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். அது தப்பாகப் போயிற்று.

திரும்பி வந்தபோது தாத்தா தோளில் வாய் பிளந்து தரையில் கிடந்தார். பக்கத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பிரசரின் ஹோஸ். நைனா வாசலில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். முதுகு ஜிப்பை இழுத்து மூடி, ஃபேன் வாயில் துணியைத் திணித்து, வேறு சந்து வழியாக ஹோஸை விட்டிருக்கிறார். தாத்தா நிமிர்ந்தாராம், கன்னம் பளபளத்ததாம், நைனா கை வைத்து அமுக்கிப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்றாராம். பிறகு லாரி டயர் வெடித்த மாதிரி இல்லாமல், துணிக்கடையில் சேலை கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

“காத்து நிக்கவே மாட்டேங்குது” என்றார் என்னிடம், வருத்தத்தோடு. “தையல் பூரா லீக்கு.”

தாளில் அதைத்தான் போட்டிருந்தது. இது பலூன் அல்ல. தையல் வழியாகக் காற்று கசியத்தான் செய்யும். கசிவதைவிட அதிகமாக ஃபேன் ஊதிக்கொண்டே இருப்பதால் பொம்மை நிற்கும். ஃபேனை நிறுத்தினால் படுத்துவிடும். நான் இதை மூன்று விதமாக விளக்கினேன். நைனா மூன்றையும் கேட்டார்.

“ஓட்டய வுட்டுட்டு மேல மேல காத்தடின்னு எந்தக் கம்பெனிக்காரனாவது சொல்லுவானா? அப்பிடி நான் சொன்னா எவனாவது எங்கடைக்கு வருவானா?”

அம்மாவுக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. அம்மா பெயர் அருளம்மாள். அம்மாவின் கவலை கேரல் ரவுண்ட்ஸ். எங்கள் பகுதிக் கோவில் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் இருபது வீடுகளுக்குக் குறையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் எல்லோரும் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய், கடைசி வீட்டில் நின்று ஜெபம் சொல்லி, கேக் சாப்பிட்டுக் கலைவது வழக்கம். அந்தக் கடைசி வீடாக நாங்கள் ஒரு வருஷமும் இருந்ததில்லை. அன்பியத் தலைவி டெய்சி டீச்சர் ஒவ்வொரு முறையும், உங்கள் வாசலில் நின்றால் பாதிப் பேர் ரோட்டில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அது உண்மையும்கூட. எங்கள் காம்பவுண்டில் நைனாவின் மொபெட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டால், கோலம் போட ஒரு இடம் மிச்சம். இந்த வருஷம் அம்மா, கதவைவிட உயரமான தாத்தா வந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னதும், டீச்சர் சரி என்றுவிட்டார். தாத்தா நிற்கவில்லை என்றால் அம்மா இனி கோவிலில் முன்வரிசையில் உட்காரப்போவதில்லை.

அம்மா தன் தையல் மிஷினில் தோளைத் தைத்தாள். அதன் மேல் நைனா டியூப் பாட்ச் ஒட்டினார். சிவப்பு அங்கியில் கறுப்பு வட்டங்கள். பிறகு ஃபேனை ஓடவிட்டோம். தாத்தா மூச்சு இழுப்பது போல எழுந்தார். முதலில் வயிறு, பிறகு ஒரு கை, கடைசியில் தலை. நைனா அவரைச் சுற்றி வந்து ஒவ்வொரு தையலிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நாங்கள் அதிசயமாகப் பார்த்ததை அவர் அவமானமாகப் பார்த்தார்.

கரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் பிளக் பாயிண்ட் கிடையாது. வராந்தா பல்பு ஹோல்டரிலிருந்து காலிங் பெல்லுக்குப் போடுகிற மெல்லிய மணி ஒயரை ஒட்டி இழுத்துவிடலாம் என்றார் நைனா. மார்கழிப் பனி விடியற்காலையில் சொட்டும். நனைந்த இடத்தில் ஒட்டுப்போட்ட ஒயர் கிடக்கக் கூடாது என்று தாளிலும் இருந்தது, எனக்கும் பயம். அடாப்டரை வீட்டுக்கு உள்ளேயே, ஜன்னல் கம்பியில் உயரமாகக் கட்டினேன். வெளியே போனது பன்னிரண்டு வோல்ட் ஒயர் மட்டும். அது ஈரத்தில் கிடந்தாலும் யாரையும் தூக்கி அடிக்காது. ஃபேன் வாயை மட்டும் எதுவும் மறைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு வாதாமரத்து இலை வந்து ஒட்டிக்கொண்டாலே தாத்தாவுக்கு முகம் தொங்கிவிடும்.

நிறுத்திக் கட்டுவதுதான் பெரிய பாடு. முளையைத் தரையில் அடியுங்கள் என்று தாள் சொன்னது. அதை எழுதியவர் செஞ்சியைப் பார்த்ததில்லை. எங்கள் வாசலில் ஒரு விரல் மண்ணைச் சுரண்டினால் கீழே பாறை. முளை வளைந்தது, சுத்தியல் தெறித்தது, பாறை அப்படியே இருந்தது. நைனா கடையிலிருந்து பழைய டயர்களைக் கொண்டுவந்து, உள்ளே மணல் மூட்டைகளைத் திணித்து, மூன்று கயிறுகளை அவற்றில் கட்டினார். இந்த யோசனை எனக்கு வரவே இல்லை. ஆனால் நாலாவது கயிற்றுக்கு டயர் வைக்க இடம் இல்லை. அதைச் சுவர் தாண்டி நாகம்மா அத்தையின் முருங்கை மரத்தில் கட்டிவிட்டார். அத்தையைக் கேட்கவில்லை.

நாகம்மா அத்தை எங்கள் வலது பக்கத்து வீடு. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போகிறவர். மார்கழி முழுக்க விடியுமுன் எழுந்து, தெருவை அடைத்துக் கோலம் போடுவார். முதல் நாள் தாத்தாவைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். பனிமனிதனைப் பார்த்துத்தான் நின்றார்.

“இது இன்னாது அருளு, இட்லி மேல இட்லி வெச்சி மூக்கு குத்தியிருக்குது?”

அன்று இரவு படுக்கப் போகும்போது ஃபேன்களை நிறுத்தினோம். எந்தக் கயிறு இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் தாத்தா சாய்வார் என்பது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். முருங்கைக் கயிறு விறைப்பாக இருந்தது. தாத்தா மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்து, சுவரின் மேல் வயிற்றை வைத்து, தலையையும் இரண்டு கைகளையும் அத்தை வீட்டுப் பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டார்.

விடியுமுன் கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்த அத்தை, சுவர் ஏறிக் குதிக்கிற ஒரு கிழவனைப் பார்த்தார். அத்தை ஓடவில்லை. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துக் கட்டைப் பக்கத்தால் நாலு போட்டார். அடிக்க அடிக்க அவன் உள்ளுக்குள் குழைந்துகொண்டே போனதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று பின்னால் சொன்னார். சத்தம் கேட்டு நாங்கள் வந்தபோது கோலமாவு தரையில், முருங்கைக் கிளை முறிந்து தாத்தாவின் தலைமேல். நைனா முதலில் கேட்டது, துணி கிழிந்ததா என்று.

அத்தை இரண்டு கட்டளை போட்டார். மரத்தில் கயிறு கட்டக் கூடாது. பொம்மையின் மூஞ்சி தன் வீட்டைப் பார்க்கக் கூடாது. வாசலைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு முதலில் கண்ணில் படுவது தனக்கு ஆகாது. சரி என்று தாத்தாவை எதிர்ப்பக்கம் திருப்பினோம். அந்தப் பக்கம் செல்லப்பன் மாமா.

செல்லப்பன் மாமா மணிலாக்கொட்டை வியாபாரி. வீட்டு ஓரம் டிராக்டர் நிற்கும். அதைத் தினமும் தெருவின் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார். காலையில் உருட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார். பேட்டரி போய்விட்டது என்று நைனா ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதற்கு மாமா ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பேட்டரி புதுசு, கோளாறு ஸ்டார்ட்டரில் என்பது அவர் கட்சி. அதனால் தாத்தா வந்தது அவருக்குப் பழைய கணக்கைத் தீர்க்கக் கிடைத்த வாய்ப்பு. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, உள்ளங்கையைத் தாத்தாவின் தோளருகே நீட்டினார்.

“யோவ் லூர்து. பஞ்சர் கடக்காரன் வூட்டுத் தாத்தாவுக்கே பஞ்சரா?”

அந்த வார்த்தை மத்தியானத்துக்குள் கடைத்தெரு வரை போய்விட்டது. டயர் காட்ட வந்த ஒரு லாரி டிரைவர் தாத்தா நலமா என்று விசாரித்தாராம். அன்று மாலையிலிருந்து நைனா கடையை முன்னதாக மூடிவிட்டு வந்து, தாத்தாவைச் சோப்பு நீரில் குளிப்பாட்ட ஆரம்பித்தார். நான் ஃபேன் பக்கம் மட்டும் நீர் படாமல் பாலித்தீன் பிடித்துக்கொண்டு நிற்பேன். தையல் முழுக்கக் குமிழி. குமிழி வந்த இடத்தில் சாக்பீஸ் குறி, குறி போட்ட இடத்தில் பாட்ச். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கத் தாத்தாவுக்கு அம்மை போட்ட மாதிரி ஆனது. நான் தடுத்துப் பார்த்தேன். பிறகு, ஒட்டுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, வேண்டாத வேலை அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

மாமா இன்னொரு புகாரும் வைத்தார். தாத்தா வந்ததிலிருந்து தன் வீட்டு பல்பு மங்குகிறதாம். நான் அவரைக் கூப்பிட்டு, அடாப்டரின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துக் காட்டினேன்; ஒரு குண்டு பல்பு தின்பதில் பாதிகூட இல்லை. அவர் நம்பவில்லை. மறுநாள் பல்பு மங்கியபோது ஃபேன்களை நிறுத்தினேன். பல்பு மங்கியபடியே இருந்தது. அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். பல்பு பளிச்சென்றது. மாமா அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. ஆனால் மூஞ்சியைத் திருப்பச் சொன்னார். நாகம்மாள் வேண்டாம் என்றதைத் தன் வீட்டுப் பக்கம் எப்படித் திருப்பலாம் என்பது அவர் கேள்வி.

தெருவைப் பார்க்க வைத்தால் எதிர்வீட்டுக்காரர் வருவார். மிச்சம் இருந்த ஒரே திசை எங்கள் வீடு. வராந்தாவில் அம்மா வைக்கோலும் காகிதப் பாறையுமாகக் குழந்தை இயேசுவுக்குக் குடில் கட்டியிருந்தாள். தாத்தாவைக் குடிலைப் பார்த்து நிறுத்தினோம். கேட்டைத் திறந்து வருகிறவர்களுக்கு அவர் முதுகு, ஃபேன், கறுப்பு வட்டங்கள். கயிறுகளையும் மாற்றினேன்: இரண்டு பக்கமும் டயர்களுக்கு, பின்னால் ஒன்று கொஞ்சம் தளர்வாக, முன்னால் ஒன்று வராந்தாத் தூணுக்கு விறைப்பாக. இனி விழுந்தால் எங்கள் வீட்டுப் பக்கமே முன்னால் விழுவார். கால் தடுக்காமல் இருக்கக் கயிறுகளில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டினேன். ஃபேன் இரைச்சல் அத்தையின் தூக்கத்தைக் கெடுக்காமல் அவர் விளக்கு அணைந்ததும் நிறுத்தினேன். காலையில் பனி ஈரம் காய உதறிப்போட்டு, மடித்து உள்ளே வைத்துவிடுவேன்; பகலில் கோட்டைக் குரங்குகள் தெருவுக்கு வரும், அவற்றிடம் பாட்ச் நிற்காது.

கேரல் நாள் வந்தது. அம்மா வெல்லமும் முந்திரியும் போட்ட கேக்கைத் துண்டு போட்டு மூடி வைத்தாள். இருட்டியதும் ஃபேன்களை ஓடவிட்டோம். தாத்தா எழுந்தார், பனிமனிதன் எழுந்தான், இருவருக்குள்ளும் சின்ன விளக்குகள் எரிந்தன. தெருக்கோடியில் டிரம் சத்தம் கேட்டது. நைனா சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கடைசியாக ஒரு முறை தோளில் கை வைத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போது கரண்டு போயிற்று. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க. டிரான்ஸ்ஃபார்மரில் ஏதோ என்றார்கள். பனிமனிதன் முதலில் அமிழ்ந்தான். தாத்தா குடிலைப் பார்த்து மடங்கி, மூக்கு தரையில் பட, முழுதாகப் படுத்தார்.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாகம்மா அத்தை கையில் டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் செல்லப்பன் மாமாவும் நின்றார். டிரம் சத்தம் இரண்டு வீடு தள்ளி வந்துவிட்டது.

பன்னிரண்டு வோல்ட் என்று நான் எத்தனை முறை வாசித்திருப்பேன். அது பேட்டரி வோல்ட் என்று அப்போதுதான் உறைத்தது. நைனாவிடம் சொன்னேன், சொல்லும்போதே, தப்பாக இருந்தால் என்ன செய்வது என்றும் சொன்னேன். கடைக்குப் போய்ப் பேட்டரி கொண்டுவர நேரம் இல்லை. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“என் டிராக்டர்ல இருக்குதே. புதுப் பேட்டரி.”

நைனாவும் மாமாவும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேச நேரம் இல்லை. பனிமனிதனின் அடாப்டர் ஒயரைப் பிளக்கோடு வெட்டி எடுத்தேன். எந்தக் கம்பி பிளக்கின் நடுவுக்குப் போகிறது என்று நைனா மொபெட் பெட்டியில் இருந்த டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். அடாப்டரில் போட்டிருந்த சின்னப் படத்தில் நடு பிளஸ். இரண்டு முறை சரிபார்த்தேன். மாற்றிக் கொடுத்தால் ஃபேன் போய்விடும். அதே பெட்டியில் கிடந்த, முனையில் கவ்வி வைத்த இரட்டை ஒயரை அந்தக் கம்பிகளோடு முறுக்கிச் சுவர் தாண்டி விட்டோம், மாமா கவ்விகளைப் பேட்டரியில் கடிக்க வைத்தார், நான் பிளக்கைச் சொருகினேன். ஃபேன் முனகியது, பிறகு ஓடியது. தாத்தா எழுந்தார். அத்தை பனிமனிதன் மேல் டார்ச் அடித்து, “இட்லி மறுபடி மாவாயிடுச்சி” என்றார்.

கூட்டம் உள்ளே வந்தது. டெய்சி டீச்சர் சொன்னதுபோலவே பாதிப் பேர் ரோட்டில். அவர்களோடு தாத்தா முகமூடியும் சிவப்பு அங்கியும் போட்ட ஆல்பர்ட், அன்பியத்தின் சொந்தத் தாத்தா, வயிற்றில் தலையணையோடு. வெளிச்சம் போதவில்லை என்று மாமா டிராக்டரின் ஹெட்லைட் இரண்டையும் போட்டுவிட்டார். காம்பவுண்டு பகலாயிற்று. யாரும் கேட்காமல் ஒருவர் செய்த உதவி. நான் எப்படி வேண்டாம் என்று சொல்வது? ஆனால் அந்த விளக்குகள் ஃபேனைவிட எத்தனை மடங்கு இழுக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

கணக்கு முடியவில்லை. இரண்டாவது பாட்டைப் பாடும்போது ஹெட்லைட் மஞ்சளாயிற்று. ஃபேன் இரைச்சல் இறங்கியது. தாத்தாவின் தலை லேசாகத் தாழ்ந்தது. முன்கயிறு விறைப்பு, பின்கயிறு தளர்வு. நான் கட்டியபடியே அவர் இடுப்பில் மடிந்து, குடிலை நோக்கி மெல்ல மெல்லக் குனிந்தார். கைகள் இரண்டும் முன்னால் சேர்ந்தன. பாட்டு தானாகவே தணிந்தது.

டெய்சி டீச்சர் ஜெபப் புத்தகத்தை மூடினார். “பாருங்க. கொழந்த இயேசுவுக்கு முழங்கால் போடுறாரு.” பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷக் கேரலில் இப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை, எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்றார். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தைகூடக் கை கூப்பினார். அம்மாவுக்குக் கண்ணில் நீர். இருபது வருஷத்தில் முதல் முறையாக எங்கள் வாசல் சின்னது என்று யாரும் நினைக்கவில்லை. இத்துடன் முடிந்திருந்தால் போதும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

மாமா சுவர் மேல் சாய்ந்து, நைனாவின் காதுக்கு மட்டும் என்று நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “லூர்து. லீக்கு.”

நைனா நிமிர்ந்தார். அம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. டீச்சர் இன்னும் அம்மாவின் கையை விடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் இந்தத் தெரு இருக்கும்வரை பக்தியான வீடு என்ற பெயர் எங்களுக்கு. நைனா அதை எடைபோட்ட மாதிரியே தெரியவில்லை.

“முழங்காலும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றார் நைனா. “லீக்கும் இல்ல. பேட்டரி வீக்கு.”

யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் முகமூடிக்குள் ஆல்பர்ட். அம்மா கையை உருவிக்கொண்டு கேக் பக்கம் திரும்பிவிட்டாள். மாமாவின் முகம் அந்த மஞ்சள் வெளிச்சத்திலும் கறுத்தது.

“எம்பேட்டரி வீக்கா? உன் தாத்தா பூரா ஒட்டு, எம்பேட்டரி வீக்கா?”

“வண்டிய ஸ்டார்ட் பண்ணு. இஞ்சின் ஓடும்போது தாத்தா நின்னுட்டா பேட்டரி. நிக்கலன்னா லீக்கு. நானே ஒத்துக்கறேன்.”

மாமா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். டிராக்டர் ஒரு முறை இருமியது. அவ்வளவுதான். ஹெட்லைட் செத்தது, ஃபேன் நின்றது, தாத்தா முழுக்கப் படுத்தார். இருட்டில் மாமாவின் குரல் மட்டும் கேட்டது. “அதான் சொல்றேன், ஸ்டார்ட்டரு.”

அன்பியம் என்றால் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்று டெய்சி டீச்சர் ஞாயிறுதோறும் சொல்வார். அன்று அவரே, நாலு ஆம்பளைங்க போய்த் தள்ளுங்க என்றார். நான் கவ்விகளைக் கழற்றினேன். டிரம்மர் டிரம்மைக் கீழே வைத்தார். ஆல்பர்ட் முகமூடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு பின் சக்கரத்தில் தோளைக் கொடுத்தார். டிராக்டர் இறக்கத்தில் உருண்டு இருட்டுக்குள் போயிற்று. பின்னால் சிவப்பு அங்கியும் தலையணை வயிறுமாக ஒரு தாத்தா ஓடினார். நாகம்மா அத்தை டார்ச்சை அவர் மேலேயே வைத்திருந்தார். இந்தத் தாத்தாவாவது ஓடுகிறாரே என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரிக்கக் கூடாது என்று இருந்தாள், முடியவில்லை.

தெருக்கோடியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமா ஒரு சுற்று சுற்றி வந்து, இஞ்சினை அணைக்காமல் சுவரோரம் நிறுத்தினார். இஞ்சின் ஓடினால் வோல்ட் கொஞ்சம் ஏறும், ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டாம் என்று கத்திச் சொல்லிவிட்டு, கவ்விகளைக் கடிக்க வைத்துப் பிளக்கைச் சொருகினேன். ஃபேன் இதுவரை கேட்காத சுருதியில் பாடியது. தாத்தா வயிறு, கை, தலை என்று எழுந்து, தோள் விறைத்து, வராந்தாக் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஒரு சுருக்கம் இல்லை. கறுப்பு வட்டங்கள் எல்லாம் பொத்தான் போலப் புடைத்திருந்தன.

நைனா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கடைசிப் பாட்டை டிராக்டர் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பாட வேண்டியிருந்தது. டீச்சர் ஜெபம் சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, ஆமென் மட்டும் கேட்டது. கேக்கை அம்மா முதலில் சுவர் தாண்டி மாமாவுக்குக் கொடுத்தாள், பிறகு அத்தைக்கு. அத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷம் முருங்கை மரம் பெருத்துவிடும், கட்டிக்கொள்ளுங்கள், மூஞ்சியை மட்டும் இந்தப் பக்கம் திருப்பாதீர்கள் என்றார். டெய்சி டீச்சர் போகும்போது, அடுத்த வருஷமும் கடைசி வீடு இதுதான், ஆனால் டிராக்டர் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா இஞ்சினை அணைக்கவே இல்லை. அணைத்தால் மறுபடி தள்ள ஆள் வேண்டும். கவ்விகளைக் கழற்றிக்கொண்டு, வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்தப் போகும்போது நைனாவிடம் சொன்னார்: “பேட்டரி இல்லய்யா. டைனமோ பெல்ட்டு லூஸு, சார்ஜ் ஏறல.” நைனா, இருக்கலாம் என்றார். அவரால் முடிந்த பெரிய மனசு அதுதான்.

எல்லோரும் போன பிறகு கரண்டு வந்தது. தாத்தாவை ஜன்னல் அடாப்டரில் மறுபடி சொருகினேன். நைனா கேட்டைச் சாத்திவிட்டு வந்து, போகிற போக்கில் தோள் தையலில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். பிறகு தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என்னைச் சோப்பு நீர் கொண்டுவரச் சொன்னார்.